மேசை விளக்கின் வயரில் உள்ள சில்லுச் சுவிட்சை மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பருத்தித்துறையில் என் பெரியம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மர மேசை விளக்கு நிற்கிறது. அக்கா கனடாவில் இருந்து வந்தபோது உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி, சூட்கேசுக்குள் வைத்துக் கொண்டு வந்தது. அதன் வயரின் நடுவில் தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, அதன் விளிம்பில் கட்டைவிரலால் உருட்டுகிற ஒரு பல்லுச் சில்லு. அதுதான் சுவிட்ச். போன கிழமை நான் போனபோது பெரியம்மா சொன்னார்: "தம்பி, இந்தச் சில்லை ரெண்டு மூண்டு தரம் உருட்டினால்தான் லைற் பத்துது. சில நேரம் அப்படியும் பத்துதில்லை."

இப்படி வெளிநாட்டில் இருந்து வந்த விளக்குகள் எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் இருக்கின்றன. சுவிட்ச் பழுதானதும் பலர் விளக்கையே மூலையில் போட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் சுவிட்சை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு வயரையும் முறுக்கி ரேப் சுற்றிவிடுகிறார்கள். இரண்டாவது ஆபத்தான வேலை. சுவிட்சை மாற்ற ஒரு மணித்தியாலம் போதும். பெரியம்மாவின் விளக்கை வைத்தே முழுவதையும் சொல்கிறேன். உங்களுடையது இங்கே வாங்கிய விளக்காக இருந்தாலும் வேலை கிட்டத்தட்ட இதேதான், வித்தியாசப்படும் இடங்களைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சுவிட்சில் எழுதியிருப்பதை வாசியுங்கள்

பெட்டியின் அடிப்பக்கத்தில் மிகச் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் வாசிக்கலாம். பெரியம்மாவின் சுவிட்சில் 3 அம்பியர், 125 வோல்ற் என்று இருந்தது. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், ஆகவே அங்கே அது சரியான சுவிட்ச். இங்கே எங்களுடையது 230 வோல்ற்.

சுவிட்சை நிறுத்தும்போது உள்ளே இருக்கும் இரண்டு உலோகத் துண்டுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அந்த ஒரு கணத்தில் இடைவெளியில் சின்னப் பொறி ஒன்று பாயும். வோல்ற் கூடினால் அந்தப் பொறி கூட நேரம் நிற்கும், ஒவ்வொரு தரமும் உலோகத்தின் முகத்தை இன்னும் கொஞ்சம் கருக்கும். 125 வோல்ற்றுக்கென்று செய்த சுவிட்சில் இடைவெளியும் பிளாஸ்ரிக்கின் காப்பும் அந்த அளவுக்குத்தான் கணக்குப் பண்ணப்பட்டிருக்கும். எல்இடி மின்குமிழ் போட்டால் சுமை குறைவுதானே என்று கேட்கலாம். ஓடும்போது குறைவுதான், 9 வாற் குமிழுக்கு ஒரு அம்பியரில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேவையில்லை. ஆனால் போடுகிற கணத்தில் அதன் உள்ளே இருக்கும் கொள்ளளவி நிரம்புவதற்காக மின்சாரம் ஒரு பாய்ச்சலாக உள்ளே போகும். தேய்ந்த சுவிட்சில் அந்தப் பாய்ச்சலும் பொறியாகத்தான் தெரியும். இதற்கு மேல் பருத்தித்துறையில் வாடைக்காற்றுக் காலத்தில் உப்பு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், செப்பு எல்லாம் பச்சை பிடிக்கும். அந்தச் சுவிட்ச் இவ்வளவு நாள் தாங்கியதே பெரிய காரியம்.

ஆகவே முதல் முடிவு இது: அதே மாதிரிச் சில்லுச் சுவிட்ச் ஒன்றைக் கனடாவில் இருந்து வரவழைக்க வேண்டாம். 250 வோல்ற் என்று எழுதிய சுவிட்ச்தான் வேண்டும்.

பழுது சுவிட்சில்தானா?

பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றுங்கள். சுவர்ச் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது, பிளக்கின் முனைகள் உங்கள் கண்ணுக்கு முன்னால் மேசையில் கிடக்க வேண்டும். கரண்ட் போயிருக்கிற நேரத்தில் செய்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம், அது எந்த நிமிடம் திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் ட்றிப் சுவிட்ச் இருக்கிறதே என்ற நம்பிக்கையும் இந்த வேலைக்குப் பொருந்தாது. உடம்பின் வழியாக நிலத்துக்குக் கசிகிற மின்சாரத்தைத்தான் அது பிடிக்கும். ஒரு கையில் ஒரு வயரும் மறு கையில் மற்ற வயருமாகப் பிடித்தால், அதற்கு நீங்களும் ஒரு மின்குமிழ் போலத்தான்.

மின்குமிழைக் கழற்றி வேறொரு விளக்கில் போட்டுப் பாருங்கள். அங்கே எரிந்தால் குமிழில் பிழை இல்லை. அடுத்து ஹோல்டருக்குள் பாருங்கள். அடியில், நடுவில் ஒரு பித்தளை நாக்கு இருக்கும். பல வருடம் குமிழை இறுக்கி இறுக்கி அது கீழே அமர்ந்துபோய்க் குமிழைத் தொடாமல் நின்றால், சுவிட்ச் பழுதான மாதிரியே விளக்கு விட்டுவிட்டு எரியும். பிளக் கழற்றியிருக்கிறது என்று இன்னொரு தரம் பார்த்துவிட்டு, மெல்லிய ஸ்குறூ ட்றைவரால் அந்த நாக்கை ஒரு இரண்டு மில்லிமீற்றர் மேலே தூக்கிவிடுங்கள். சுவிட்சைக் குறை சொன்ன எத்தனையோ விளக்குகள் இதோடு சரியாகிவிடுகின்றன.

அதுவும் சரியாக இருந்தால் மல்ரி மீற்றரை எடுங்கள். மலிவானது போதும். ஓம் அளவில் வைத்து, முதலில் மீற்றரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். எனக்கு 0.4 காட்டியது, அது மீற்றரின் சொந்த வயருக்குரியது. பிறகு ஒரு முனையைப் பிளக்கின் ஒரு தகட்டிலும் மற்றதை ஹோல்டரின் நடு நாக்கிலும் வைத்து, சில்லை உருட்டிப் பாருங்கள். கனடாப் பிளக்கில் இரண்டு தட்டையான தகடுகள் இருக்கும், பெரும்பாலும் ஒன்று மற்றதை விட அகலம். அகலம் குறைந்த தகட்டில் இருந்துதான் நடு நாக்குக்கு வயர் போக வேண்டும். நல்ல சுவிட்ச் என்றால் போட்டிருக்கும்போது ஒரு ஓமுக்குக் கிட்ட நின்று, அசையாது. பெரியம்மாவின் விளக்கில் ஒரு தரம் 3, அடுத்த தரம் 40, சில்லை மெல்ல ஆட்டினால் எண் குதித்துக் குதித்துக் கடைசியில் ஒன்றுமே காட்டவில்லை. அகலமான தகட்டில் இருந்து ஹோல்டரின் மறையுள்ள பக்கச் சுவருக்கு அளந்தபோது 0.6, அசைவில்லை. அப்போ வயர் நல்லது, சுவிட்ச்தான் முடிந்துவிட்டது.

மீற்றர் இல்லாத வீட்டில் ஒரு பற்றரி, ஒரு சின்ன ரோர்ச் குமிழ், இரண்டு துண்டு வயர் இருந்தால் இதே வேலையைச் செய்யலாம். குமிழ் எரிந்தால் பாதை இருக்கிறது. நியோன் ரெஸ்ரர் இதற்கு உதவாது.

என்ன வாங்குவது

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் உள்ள மின்பொருள் கடைகளில் வயருக்கு நடுவில் போடும் சுவிட்ச் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் கிடைப்பது சில்லு இல்லை, மேலே ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்புகிற கட்டைச் சுவிட்ச். பெரியம்மா மாதிரி விரல் மூட்டு நோவுள்ள ஆட்களுக்கு உருட்டுவதை விட இது சுகம். இருட்டில் தடவிப் பார்த்தே போட்டிருக்கிறதா இல்லையா என்றும் தெரியும்.

கடையிலேயே சுவிட்சைத் திறந்து பார்க்கக் கேளுங்கள். 250 வோல்ற், 2 அம்பியர் அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருக்க வேண்டும். எழுத்தே இல்லாததை வாங்க வேண்டாம். வயரைப் பிடிக்கும் இடம் ஸ்குறூ போட்டு இறுக்குகிறதாகவும் பித்தளையாகவும் இருக்க வேண்டும். நான் சாவிக்கொத்தில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருக்கிறேன், முனைத் துண்டு காந்தத்தில் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, கடற்கரை வீட்டில் துருப்பிடிக்கும். ஸ்குறூ மட்டும் ஒட்டினால் பரவாயில்லை.

மூன்றாவது விஷயம்தான் ஆட்கள் கவனிக்காமல் விடுவது. சுவிட்சின் இரண்டு நுனியிலும், வயர் உள்ளே நுழைகிற இடத்தில், வயரைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பட்டி இருக்க வேண்டும், அதற்கு இரண்டு ஸ்குறூவும். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற விளக்கில் சுவிட்சைப் பிடித்துத்தான் வயரை இழுப்பார்கள். பட்டி இல்லையென்றால் அந்த இழுவை நேரே முனை ஸ்குறூவில் விழும், ஒரு நாள் வயர் கழன்று வெளியே வரும். விளக்கின் வயரின் தடிப்பைத் தெரிந்துகொண்டு போங்கள். கனடா விளக்குகளின் வயர் தட்டையானது, இரண்டு இழையும் ஒட்டி, மொத்தமே மூன்று மில்லிமீற்றர் தடிப்புக்கு வராது. தடித்த உருண்டை வயருக்கென்று செய்த சுவிட்சில் இது ஆடிக்கொண்டிருக்கும். சில சுவிட்சுகளில் பட்டியைக் கவிழ்த்துப் போட்டால் மெல்லிய வயரையும் பிடிக்கும், நான் வாங்கியது அந்த மாதிரி.

அதோடு ஒரு 13 அம்பியர் பிளக்கும் 3 அம்பியர் ஃபியூஸ் ஒன்றும் வாங்கினேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எந்த இழையைச் சுவிட்ச் வெட்ட வேண்டும்

வயரில் இரண்டு இழை. ஒன்றில் மின்சாரம் வருகிறது, மற்றதில் திரும்பிப் போகிறது. சுவிட்ச் வெட்டுவது ஒன்றை மட்டும்தான், அது வருகிற இழையாக இருக்க வேண்டும். திரும்பிப் போகிற இழையை வெட்டினாலும் விளக்கு அணையும், பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரி போலவே தெரியும். ஆனால் அணைந்த விளக்கின் ஹோல்டரில் 230 வோல்ற் அப்படியே நிற்கும். குமிழ் மாற்றக் கை வைக்கிறவருக்குத்தான் அது தெரியவரும்.

இங்கே வாங்கிய வயர் என்றால் மண்ணிறம் வருகிற இழை, நீலம் திரும்புகிற இழை. கனடா வயரில் இரண்டும் ஒரே நிறம். விரலால் தடவிப் பாருங்கள்: ஒரு இழையின் மேல் நீளவாக்கில் மெல்லிய வரிகள் ஓடும், மற்றது வழுவழுப்பு. வரி உள்ளது திரும்புகிற இழை, அகலத் தகட்டுக்கும் ஹோல்டரின் பக்கச் சுவருக்கும் போவது. வழுவழுப்பானது வருகிற இழை. யாராவது முன்னரே கழற்றிப் பூட்டியிருந்தால் மாறியிருக்கலாம், ஆகவே மீற்றரால் ஒரு தரம் உறுதிப்படுத்துங்கள். நடு நாக்குக்குப் போகிற இழைதான் உங்களுக்கு வேண்டியது.

பழையதைக் கழற்றுதல்

சில்லுச் சுவிட்சின் நடுவில் ஒரே ஒரு ஸ்குறூ இருக்கும், மறுபக்கம் ஒரு சின்ன நட். கழற்றும்போது கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். திறந்ததும் பார்ப்பீர்கள், உள்ளே ஸ்குறூ முனை எதுவும் இல்லை. இரண்டு கூரான பித்தளைப் பற்கள் வயரின் மேலுறையைக் குத்திக்கொண்டு உள்ளே போய்ச் செப்பைத் தொடுகின்றன. வழுவழுப்பான இழை அந்த இரண்டு பற்களுக்கும் நடுவில் வெட்டப்பட்டிருக்கும், வரியுள்ள இழை வெட்டாமல் பக்கத்தால் ஓடும். தொழிற்சாலைக்கு இது விரைவு. ஆனால் குத்திய ஓட்டை வழியாக உப்புக் காற்று போய்ச் செப்பைக் கருக்குகிறது. பெரியம்மாவின் வயரில் பற்கள் குத்திய இடத்தில் செப்பு கறுப்பாகவும் பச்சையாகவும் இருந்தது, சில்லின் கீழே இருந்த தகடு பாதி தேய்ந்து, சுற்றிவர மண்ணிறக் கறை.

வயரை மெல்லப் பற்களில் இருந்து உயர்த்தி எடுங்கள். இப்போது அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் வயரை விரலில் சுற்றி வளைத்துப் பாருங்கள். மேலுறை வெடித்தாலோ, விறைத்துப்போய் வளைத்த அடையாளம் வெள்ளையாகத் தெரிந்தாலோ, சுவிட்சை மட்டும் மாற்றிப் பிரயோசனம் இல்லை. ஹோல்டரில் இருந்தே முழு வயரையும் மாற்ற வேண்டும். இந்த வயர் நன்றாக வளைந்தது.

புதியதைப் பூட்டுதல்

வழுவழுப்பான இழையின் வெட்டிய இரண்டு நுனியிலும் கறுத்துப்போன பகுதி போகும்வரை வெட்டி எடுங்கள். எனக்கு ஒரு பக்கம் 6 மில்லிமீற்றர், மறுபக்கம் கொஞ்சம் கூட. இழை குட்டையாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். புதிய சுவிட்சுக்குள் இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு விரலளவு இடைவெளி இருக்கிறது, இரண்டு பக்கமும் வெட்டிக் குறைத்தது அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

வரியுள்ள இழையை வெட்ட வேண்டாம், ஆனால் பழைய பற்கள் அதன் உறையைக் கீறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். செப்புத் தெரிந்தால் அதையும் அங்கே வெட்டித்தான் ஆக வேண்டும், அப்போது அதையும் இணைக்க மூன்றாவது முனை உள்ள சுவிட்ச் தேவைப்படும். கீறல் இல்லையென்றால் அதைச் சுவிட்சின் ஒரு பக்கத்தில் உள்ள வாய்க்காலில் அப்படியே கிடத்துங்கள்.

இப்போது இரண்டு இழைகளையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிக்க வேண்டும். இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள், நடுவில் பிடித்து இழுத்ததும் அது கையோடு பத்துச் சென்ரிமீற்றர் பிரிந்து வந்துவிடும். பிறகு கவ்விப் பட்டி பிரிந்த இழைகளைத்தான் பிடிக்கும், பிடி நிற்காது. முதலில் திறந்த சுவிட்சை வயரின் மேல் வைத்து, இரண்டு பட்டிகளும் எங்கே வருகின்றன என்று பேனையால் அடையாளம் போடுங்கள். பட்டிக்கு உள்பக்கமாக 5 மில்லிமீற்றரில் பிரிவு நிற்க வேண்டும். அந்த இடத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் மெல்லப் பிரியுங்கள்.

நுனிகளில் 6 மில்லிமீற்றர் உறையை உரியுங்கள். கத்தியால் சுற்றி வெட்டினால் மெல்லிய செப்பு நூல்கள் நாலைந்து அறுந்துவிடும், உரிக்கும் குறடு இருந்தால் நல்லது. இல்லையென்றால் கத்தியை உறையின் முக்கால் ஆழத்துக்கு மட்டும் வைத்துச் சுற்றிவிட்டு, நகத்தால் இழுத்தால் மிச்சம் தானாகக் கழரும். நூல்களை இறுக்கி முறுக்குங்கள். முனையின் துளை பெரிதாக இருந்தால் முறுக்கிய நுனியை ஒரு தரம் மடித்து இரட்டையாக்குங்கள். சிலர் ஈயம் வைத்து ஒட்டினால் நல்ல பிடி என்று நினைப்பார்கள். ஸ்குறூவுக்குக் கீழே ஈயம் நாளடைவில் நசிந்து தளரும், தளர்ந்த இடம் சூடேறும். வெறும் செப்பையே ஸ்குறூவில் இறுக்குங்கள்.

நுனியை முனைக்குள் முழுவதும் தள்ளி, ஸ்குறூவை இறுக்கிவிட்டு, இழையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வெளியே ஒரு மில்லிமீற்றருக்கு மேல் செப்புத் தெரியக் கூடாது, பக்கத்தால் ஒரு தனி நூல் கூட நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அந்த ஒரு நூல் மற்ற இழையைத் தொட்டால் போதும், பிளக் குத்தியதும் ஃபியூஸ் போய்விடும். இரண்டு நுனியையும் பூட்டிய பிறகு பட்டிகளை இறுக்குங்கள். வயர் நசிகிற அளவுக்கு வேண்டாம், இழுத்தால் அசையாத அளவு போதும்.

மூடியை வைத்தால் அது தானாகப் போய் அமர வேண்டும். விளிம்பு ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது, ஸ்குறூவால் இழுத்து மூடிவிடலாம் என்றால், உள்ளே ஒரு இழை விளிம்புக்குக் கீழே மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். திறந்து வடிவாகக் கிடத்திவிட்டு மறுபடி மூடுங்கள். என் முதல் தரத்தில் அப்படித்தான் நின்றது, வரியுள்ள இழை வாய்க்காலை விட்டு வெளியே எழும்பியிருந்தது.

பிளக்

சரியான இழையில் சுவிட்சைப் போட்டோம். ஆனால் பெரியம்மா அந்தக் கனடாப் பிளக்கை ஒரு மல்ரி பிளக்கில் குத்தித்தான் வைத்திருந்தார். எல்லா வகைப் பிளக்கையும் ஏற்கும் அந்தக் கட்டையில் இரண்டு தகட்டையும் எந்தப் பக்கமாகவும் குத்தலாம். திருப்பிக் குத்தினால் நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் தலைகீழாகி, சுவிட்ச் திரும்புகிற இழையை வெட்டும். அதனால்தான் பிளக்கையும் மாற்றினேன்.

13 அம்பியர் பிளக்கைத் திறந்து, நிலத்தொடுப்பு முனை மேலே வரும்படி பிடித்தால், ஃபியூஸ் இருக்கிற வலப்பக்கம் வருகிற இழைக்கு, இடப்பக்கம் திரும்புகிற இழைக்கு. வழுவழுப்பானதை வலத்திலும் வரியுள்ளதை இடத்திலும் பூட்டினேன். மர விளக்கு, வயரில் மூன்றாவது இழை இல்லை, ஆகவே மேல் முனை வெறுமையாக இருக்கும். பிளக்கோடு வந்தது 13 அம்பியர் ஃபியூஸ். அதை எடுத்துவிட்டு 3 அம்பியரைப் போட்டேன், ஏனென்றால் இந்த மெல்லிய வயரையும் சுவிட்சையும் காப்பாற்ற வேண்டியது அந்த ஃபியூஸ்தான். இங்கேயும் கவ்விப் பட்டி மெல்லிய வயரைப் பிடிக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

உருண்டை முனைச் சொக்கற் உள்ள பழைய வீடு என்றால் அதற்குரிய மூன்று முனைப் பிளக்கைப் போடலாம், முனைகளுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து, L இல் வருகிற இழையையும் N இல் திரும்புகிற இழையையும் பூட்டுங்கள். அதில் ஃபியூஸ் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கரண்ட் கொடுக்க முன்

குமிழ் போடாமல், பிளக் குத்தாமல், மீற்றரோடு மூன்று அளவு. பிளக்கின் ஃபியூஸ் பக்க முனைக்கும் நடு நாக்குக்கும் இடையில்: சுவிட்ச் போட்டால் பாதை இருக்க வேண்டும், நிறுத்தினால் இருக்கக் கூடாது. திரும்புகிற இழை பூட்டிய முனைக்கும் ஹோல்டரின் பக்கச் சுவருக்கும் இடையில்: சுவிட்ச் எப்படி இருந்தாலும் பாதை இருக்க வேண்டும். பிளக்கின் அந்த இரண்டு முனைகளுக்கும் இடையில்: சுவிட்ச் எப்படி இருந்தாலும் பாதை இருக்கவே கூடாது. மூன்றாவதில் மீற்றர் பாதை காட்டினால் எங்கோ ஒரு நூல் தொடுகிறது, குத்த வேண்டாம். எனக்கு முதலாவதில் 0.7 காட்டியது, சுவிட்சை இருபது தரம் போட்டு நிறுத்தியும் எண் மாறவில்லை.

பிறகு குமிழ். அக்கா விளக்கோடு சேர்த்து இரண்டு கனடாக் குமிழும் கொண்டுவந்திருந்தார். அவை 120 வோல்ற்றுக்குரியவை, இங்கே போட்டால் உடனே போய்விடும், வெடிக்கவும் கூடும். இங்கே விற்கிற மறை உள்ள 230 வோல்ற் குமிழ் அந்த ஹோல்டரில் பூட்டுப்படும். எங்கள் வீடுகளில் சாதாரணமாக இருக்கிற இரண்டு முளை உள்ள குமிழ் அதற்குப் பொருந்தாது.

விளக்கைப் போட்டு அரை மணித்தியாலம் விட்டுவிட்டு, சுவிட்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். எல்இடிக் குமிழுக்குச் சுவிட்ச் சூடேற எந்தக் காரணமும் இல்லை. இளஞ்சூடு இருந்தாலும் ஒரு முனை தளர்வாக இருக்கிறது, கழற்றி மறுபடி இறுக்குங்கள். இரவில் அணைத்த பிறகு குமிழ் மங்கலாக மினுங்கிக்கொண்டே இருந்தால் அதையும் விடாதீர்கள். சுவிட்ச் திரும்புகிற இழையில் இருந்தால் சில எல்இடிக் குமிழ்கள் அப்படி மினுங்கும். பிளக்கின் பூட்டையும் சுவர்ச் சொக்கற்றின் இணைப்பையும் பார்க்க வேண்டும். சொக்கற்றில் பிழை என்றால் அது மின்னியலாளரின் வேலை.

மற்ற விளக்குகள்

இங்கே வாங்கிய, உருண்டை வயர் உள்ள விளக்கு என்றால் வெளியுறையைப் பட்டிக்கு உள்பக்கம் சில மில்லிமீற்றர் மட்டும் தெரிகிற மாதிரி உரித்து, மண்ணிறத்தை வெட்டி முனைகளில் பூட்டுங்கள், நீலத்தை வெட்டாமலோ மூன்றாவது முனையிலோ கொண்டுபோங்கள். பட்டி வெளியுறையைத்தான் பிடிக்க வேண்டும்.

உலோக விளக்கு என்றால் நில்லுங்கள். பச்சை மஞ்சள் இழை ஒன்று உள்ளே ஓடுகிறதென்றால் அதைச் சுவிட்ச் ஒருபோதும் வெட்டக் கூடாது, அறுபடாமல் விளக்கின் உடம்பு வரை போக வேண்டும், அதற்கென்று இடம் உள்ள சுவிட்சையே வாங்க வேண்டும். உலோக உடம்பு, இரண்டு இழை மட்டும், அடியில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட இரட்டைக் காப்புக் குறியும் இல்லை என்றால், நான் அதன் சுவிட்சை மட்டும் மாற்றிக் கொடுக்க மாட்டேன். உள்ளே ஒரு இழை உரிந்து உடம்பைத் தொட்டால் விளக்கு முழுக்க மின்சாரம் ஏறும். மூன்று இழை வயர் போட்டு உடம்பை நிலத்தொடுப்போடு சேர்த்துவிட்டுத்தான் சுவிட்ச். கனடாவில் இருந்து வருகிற பித்தளை விளக்குகள் பல இந்த வகைதான்.

பெரியம்மாவிடம் இதே மாதிரி இன்னொரு விளக்கு சாமியறையில் இருக்கிறது. அதன் வயரை விரலில் சுற்றிப் பார்த்தேன், யன்னல் வெயில் பட்ட பக்கம் உறை வெடித்துச் செப்புத் தெரிந்தது. பிளக்கைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது ஹோல்டரில் இருந்தே புது வயர்.